ஐந்து முறை தலை விழுந்த பிறகும் ஆறாவது டாஸ் ஏன் பாதிக்குப் பாதிதான்: தொடக்கநிலையினருக்கு ஒரு முழு வழிகாட்டி

வேலூர் கோட்டை மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மேட்ச் ஆடுகிறவர்கள் டாஸ் போடும் இடத்தில் நின்று பாருங்கள். இப்படி ஒரு பேச்சு காதில் விழ வாய்ப்பு உண்டு: "அஞ்சு வாரமா தலைதான்ணா விழுது. இந்த வாட்டி பூதான், கண்ண மூடிக்கினு பூ சொல்லு." கேப்டனும் தலையாட்டிவிட்டுப் பூ என்று சொல்வார். பாதி நேரம் பூ விழும், "சொன்னேன்ல" என்று ஒருவர் தோளைத் தட்டிக்கொள்வார். மீதிப் பாதி நேரம் நடந்ததை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

அந்த ஆலோசனையில் விஷயம் எதுவும் இல்லை. நாணயம் சீரானதாக இருந்தால், ஐந்து தலைக்குப் பிறகு பூ விழும் வாய்ப்பு 1/2, தலை விழும் வாய்ப்பும் 1/2. ஐந்து என்ன, ஐம்பது தலை விழுந்திருந்தாலும் அதேதான். "இவ்வளவு நேரம் ஒன்றே வந்தது, இனி மற்றதுதான் வர வேண்டும்" என்ற எண்ணத்தைச் சூதாடி மயக்கம் என்பார்கள். இந்த மயக்கத்துக்குப் பின்னால் ஒரு நியாயமான உள்ளுணர்வு இருக்கிறது. அது இடம் மாறி வந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதை ஒவ்வொரு படியாகப் பிரித்துப் பார்ப்போம்.

படி 1: எந்தக் கேள்வி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பத்தாம் வகுப்பில் மர வரைபடம் போட்டது நினைவிருக்கும். ஒரு முறை சுண்டினால் இரண்டு கிளை, இரண்டு முறை சுண்டினால் நான்கு. இப்படியே போனால் ஆறு முறைக்கு 64 கிளைகள். நாணயம் சீரானது என்றால் இந்த 64 வரிசைகளுக்கும் சம வாய்ப்பு. ஒவ்வொன்றும் 64இல் ஒன்று.

சுண்டத் தொடங்குவதற்கு முன்பே ஒருவர், "ஆறும் தலையாக விழுமா?" என்று கேட்டால் பதில் 1/64. அபூர்வம்தான், மறுக்கவில்லை. ஆனால் மைதானத்தில் நிற்பவர் கேட்பது வேறு கேள்வி. அவர் முன்னால் ஐந்து தலை ஏற்கெனவே விழுந்து கிடக்கிறது. ஆகவே ஐந்து தலையில் தொடங்காத வரிசைகளையெல்லாம் அடித்துவிட வேண்டும். 64இல் 62 போய்விடும். மிஞ்சுவது இரண்டே இரண்டு:

த த த த த த
த த த த த பூ

முதலாவதுக்கு 1/64, இரண்டாவதுக்கும் 1/64. சரிக்குச் சரி.

மயக்கம் நுழைகிற இடம் இதுதான். "ஆறு தலை தொடர்ந்து விழுவது அபூர்வம்" என்பது உண்மை. "ஐந்து தலையும் அப்புறம் ஒரு பூவும்" என்கிற வரிசையும் அதே அளவு அபூர்வம் என்பதை மட்டும் மனது கணக்கில் எடுப்பதில்லை. அபூர்வமான பகுதி, அதாவது முதல் ஐந்து தலை, நடந்து முடிந்துவிட்டது. அது இரண்டு வரிசைகளுக்கும் பொது.

இதிலேயே இன்னொரு குழப்பமும் உண்டு. "த பூ பூ த பூ த" என்று எழுதிக் காட்டினால் இயல்பாகத் தெரிகிறது, "த த த த த த" என்றால் சந்தேகம் வருகிறது. இரண்டும் 1/64தான். மூன்று தலை, மூன்று பூ கலந்த வரிசைகள் மொத்தம் 20 இருப்பதால், அந்த வகை நமக்குப் பழகிய முகம். ஆறும் தலையாக இருப்பது ஒரே ஒரு வரிசை. கூட்டத்தின் வாய்ப்பை எடுத்து அதில் ஒரே ஒரு ஆளுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

படி 2: "கடைசியில் சமமாகிவிடும்" என்பதைச் சரியாகப் படியுங்கள்

இங்கே சிலர் நல்ல எதிர்வாதம் ஒன்று வைப்பார்கள். "நிறைய முறை சுண்டினால் தலையும் பூவும் பாதிக்குப் பாதி ஆகும் என்று பாடத்திலேயே இருக்கிறதே. இப்போது ஐந்து தலை கூடுதலாக இருக்கிறது. அப்படியானால் இனி பூ கொஞ்சம் அதிகம் விழுந்தால்தானே சமமாகும்?"

பாடத்தில் இருப்பது சரிதான். யாக்கோப் பெர்னூலி நிறுவி, அவர் மறைவுக்குப் பிறகு 1713இல் அச்சில் வந்த பெரும் எண்களின் விதி அது. ஆனால் அந்த விதி பேசுவது விகிதத்தைப் பற்றி, எண்ணிக்கையைப் பற்றி அல்ல. ரசத்தில் ஒரு கரண்டி உப்பு கூடிவிட்டால் அதை யாரும் வெளியே எடுப்பதில்லை. தண்ணீர் சேர்க்கச் சேர்க்க, அதே உப்பு தெரியாமல் போகிறது. நாணயத்திலும் நடப்பது இதுதான். எந்தச் சக்தியும் ஐந்து தலையை ஈடுகட்டுவதில்லை.

கணக்கைப் பாருங்கள். இப்போது 5 சுண்டலில் 5 தலை, அதாவது 100 சதவீதம். இதற்குப் பிறகு நாணயம் எந்தப் பாரபட்சமும் இல்லாமல் விழுகிறது என்று வைப்போம்.

அடுத்த 100 சுண்டலில் சராசரியாக 50 தலை. மொத்தம் 105இல் 55, அதாவது 52.4 சதவீதம்.
அடுத்த 1,000 என்றால் மொத்தம் 1,005இல் 505, அதாவது 50.25 சதவீதம்.
அடுத்த 10,000 என்றால் 10,005இல் 5,005, அதாவது 50.02 சதவீதம்.

தலை பூவைவிட 5 அதிகம் என்பது சராசரியில் கடைசிவரை அப்படியே நிற்கிறது. விகிதம் மட்டும் பாதியை நோக்கி ஊர்ந்து போய்விட்டது. ஒரு பூ கூட அதிகமாக விழத் தேவைப்படவில்லை.

இதை உட்கார்ந்து சுண்டியே பார்த்தவர் ஒருவர் உண்டு. ஜான் கெரிக் என்ற கணிதவியலாளர், இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் காவல் முகாமில் அடைபட்டிருந்தார். பொழுதுபோக ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டிக் குறித்துவைத்தார். தலை விழுந்தது 5,067 முறை. விகிதம் 50.67 சதவீதம், பாதிக்கு மிக அருகில். எண்ணிக்கையில் பார்த்தால் தலை பூவைவிட 134 அதிகம். பத்தாயிரம் சுண்டலுக்குப் பிறகும் "கடன்" அடைபடவே இல்லை, அடைபட வேண்டிய அவசியமும் இல்லை.

படி 3: முன்னால் நடந்தது உண்மையிலேயே கணக்கில் வரும் இடம் எது?

நம் உள்ளுணர்வு முட்டாள்தனமானது அல்ல என்று முதலில் சொன்னேனே, அது இங்கே. ரம்மி ஆடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 52 சீட்டில் 26 சிவப்பு, 26 கறுப்பு. கலைத்த கட்டிலிருந்து ஐந்து சீட்டு எடுத்து வெளியே வைக்கிறீர்கள், ஐந்தும் சிவப்பு. மீதி 47 சீட்டில் சிவப்பு 21தான், கறுப்பு 26. அடுத்தது கறுப்பாக இருக்கும் வாய்ப்பு 26/47, ஏறக்குறைய 55 சதவீதம். இங்கே "இனி கறுப்பு வரும்" என்று சொல்பவர் பேச்சில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் கட்டு குறைந்துகொண்டே வருகிறது. எடுத்த சீட்டு உள்ளே இல்லை.

எடுத்த சீட்டை மறுபடி உள்ளே போட்டு, நன்றாகக் கலைத்து, அப்புறம் எடுத்தால் கதை மாறிவிடும். மறுபடி 26க்கு 26. நாணயம் இந்த இரண்டாவது வகை. தலை விழுந்ததால் நாணயத்திலிருந்து ஒரு தலை தீர்ந்துபோவதில்லை. மேல்வகுப்புப் பாடத்தில் சார்பற்ற நிகழ்ச்சிகள் என்று வருவது இதைத்தான்.

ஆகவே, எந்த ஆட்டமாக இருந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முன்னால் நடந்தது, அடுத்ததைத் தீர்மானிக்கும் பொருளில் ஏதாவது மாற்றத்தை விட்டுச் சென்றிருக்கிறதா? சீட்டுக்கட்டில் ஆம். நாணயம், தாயக்கட்டை, கலைத்துத் திருப்பிப் போட்ட குலுக்கல் ஆகியவற்றில் இல்லை. தமிழ்நாட்டில் 2003இல் தடை வருவதற்கு முன் லாட்டரிச் சீட்டு வாங்கிப் பழகியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "இந்தக் கடைசி நம்பர் ரொம்ப நாளா வரல" என்று நோட்டில் குறித்து வைத்து வாங்கிய ஆட்களைத் தெரியும் என்பார்கள். அந்த நோட்டு எத்தனை தடிமனாக இருந்தாலும் குலுக்கலுக்கு அது தெரியாது.

கிரிக்கெட்டிலேயே பெரிய உதாரணம் ஒன்று சமீபத்தில் கிடைத்தது. 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தொடங்கி, 2025 மார்ச்சில் சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டம் வரை, ஒருநாள் போட்டிகளில் இந்திய அணி தொடர்ந்து 15 டாஸ் தோற்றது. குறிப்பிட்ட 15 டாஸையும் தோற்பதற்கான வாய்ப்பு 32,768இல் ஒன்று. "அடுத்தது நிச்சயம் நமக்குத்தான்" என்று டீக்கடையில் பேசாதவர்கள் குறைவு. அக்டோபரில் பெர்த்தில் நடந்த அடுத்த ஒருநாள் போட்டியிலும் டாஸ் போனது. அது ஆச்சரியமே இல்லை. அந்த ஒரு டாஸை மட்டும் எடுத்தால் தோற்க வாய்ப்பு பாதி.

படி 4: நீங்களே சோதித்துப் பாருங்கள், மூன்று குழிகளில் விழாமல்

நம்பிக்கை இல்லையா, சுண்டிப் பார்த்துவிடலாம். ஆனால் தனி ஆளாக 100 முறை சுண்டினால் போதாது. ஐந்து தொடர் தலைக்குப் பிறகு வரும் ஆறாவது சுண்டல் என்பது 100இல் சராசரியாக மூன்று இடத்தில்தான் கிடைக்கும் (95ஐ 32ஆல் வகுத்தால் வருவது). மூன்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ 40 பேர் படிக்கும் டியூஷன் ஒன்று இருக்கிறது என்று வைப்போம். ஆளுக்கு 100 முறை சுண்டி வரிசையாக எழுதிவரச் சொன்னால் 4,000 சுண்டல் கையில் இருக்கும். அதில் ஐந்து தலைக்கு அடுத்து வரும் இடங்கள் ஏறக்குறைய 119. அவற்றில் தலை எத்தனை? எதிர்பார்ப்பது 59 அல்லது 60. தற்செயலின் ஆட்டத்தால் 48 முதல் 70 வரை எங்கே நின்றாலும் அது சாதாரணம்தான். "50தான் வந்தது, பார்த்தீர்களா பூ ஜெயித்தது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. 100 சுண்டலில் எங்காவது ஒரு முறையேனும் ஐந்து தலை தொடர்ந்து விழ ஏறக்குறைய 81 சதவீத வாய்ப்பு உண்டு. அதாவது 40 பேரில் சுமார் 32 பேர் தாளில் அது இருக்க வேண்டும். சுண்டாமலேயே வீட்டில் உட்கார்ந்து எழுதிவந்த பிள்ளைகள் மூன்று தலை எழுதியதுமே பயந்து பூ போட்டுவிடுவார்கள். தாளில் நீளமான தொடரே இல்லையென்றால் அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

இனி குழிகள்.

முதல் குழி, தொடர் முடிந்த இடத்தைப் பார்ப்பது. தாளில் "சரியாக ஐந்து தலை" உள்ள தொடர்களுக்கு வட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அடுத்து என்ன என்று பார்த்தால் எப்போதும் பூதான் இருக்கும். நூற்றுக்கு நூறு! ஏனென்றால் பூ வந்ததால்தான் தொடர் ஐந்தோடு நின்றது. சரியான முறை, ஒவ்வொரு சுண்டலுக்கும் முன்னால் உள்ள ஐந்தும் தலையா என்று பார்ப்பது. ஏழு தலை தொடர்ந்து வந்து எட்டாவது பூ என்றால் அதில் மூன்று இடங்கள் உண்டு: ஆறாவதில் தலை, ஏழாவதில் தலை, எட்டாவதில் பூ. மூன்றையும் எண்ண வேண்டும்.

இரண்டாவது குழி, விருப்பமான முடிவு வந்ததும் நிறுத்திக்கொள்வது. எத்தனை சுண்டல் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் இது தீர்ந்தது.

மூன்றாவது குழிதான் ஆழமானது, புள்ளியியல் தெரிந்தவர்களே விழுந்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாணவரும் தன் தாளில் "ஐந்து தலைக்குப் பிறகு தலை" எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு, அந்தச் சதவீதங்களுக்குச் சராசரி எடுத்தால், விடை பாதிக்குக் கணிசமாகக் கீழே வரும். நாணயத்தில் ஒரு கோளாறும் இல்லாமலே! இது ஏன் என்று புரிய, மூன்றே சுண்டலும் "ஒரு தலைக்குப் பிறகு தலையா" என்ற கேள்வியும் போதும். வாய்ப்புள்ள எட்டு வரிசைகளும் இதோ:

| வரிசை | தலைக்கு அடுத்த இடங்கள் | அவற்றில் தலை | விகிதம் |
|---|---|---|---|
| பூ பூ பூ | 0 | 0 | இல்லை |
| பூ பூ த | 0 | 0 | இல்லை |
| பூ த பூ | 1 | 0 | 0 |
| பூ த த | 1 | 1 | 1 |
| த பூ பூ | 1 | 0 | 0 |
| த பூ த | 1 | 0 | 0 |
| த த பூ | 2 | 1 | 1/2 |
| த த த | 2 | 2 | 1 |

நடு இரண்டு பத்திகளையும் கூட்டுங்கள்: 8 இடங்கள், அதில் 4 தலை. கச்சிதமாகப் பாதி. இப்போது கடைசிப் பத்தியில் விகிதம் உள்ள ஆறு வரிசைகளுக்குச் சராசரி எடுங்கள்: 2.5ஐ 6ஆல் வகுத்தால் 5/12, ஏறக்குறைய 42 சதவீதம். தலை நிறைய உள்ள வரிசைகளில் இரண்டு இடங்கள் இருந்தும், சராசரி எடுக்கும்போது அவற்றுக்கு ஒரு ஓட்டுதான் கிடைக்கிறது. ஆகவே ஆளுக்கு ஆள் சதவீதம் எடுக்காதீர்கள். 40 தாள்களிலும் உள்ள இடங்களை ஒன்றாகக் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை வகுங்கள்.

கை வலிக்கிறது என்பவர்கள் கணினியிடம் விடலாம். கீழே உள்ள பைத்தான் நிரல் பத்து லட்சம் முறை சுண்டி, ஐந்து அல்லது அதற்கு மேல் தொடர் தலை விழுந்த பிறகு வரும் சுண்டல்களை மட்டும் எண்ணுகிறது.

```python
import random

n = h = streak = 0
for i in range(1000000):
    toss = random.choice("HT")
    if streak >= 5:
        n += 1
        if toss == "H":
            h += 1
    streak = streak + 1 if toss == "H" else 0

print(n, h, h / n)
```

முதல் எண் 31,250க்குப் பக்கத்தில் இருக்கும். கடைசி எண் பெரும்பாலும் 0.494க்கும் 0.506க்கும் இடையில் நிற்கும். 5 என்பதை 10 ஆக்கி ஓட்டிப் பாருங்கள். இடங்கள் ஆயிரத்துக்குப் பக்கமாகக் குறையும், விகிதம் கொஞ்சம் கூடுதலாக ஆடும், ஆனால் ஆடுவது பாதியைச் சுற்றித்தான்.

படி 5: பணம் நடுவில் வரும்போது

1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரத்தில் கறுப்பு 26 முறை தொடர்ந்து விழுந்தது. கறுப்பு நீள நீள, "இனி சிவப்புதான்" என்று கூட்டம் சிவப்பின் மேல் பணத்தைக் கொட்டியது. சக்கரத்தில் சிவப்பு 18, கறுப்பு 18, பூச்சியம் 1. எனவே ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பின் வாய்ப்பு 18/37தான், பாதிக்கும் சற்றுக் குறைவு. இருபதாவது சுற்றிலும் அதுவேதான்.

நம் ஊர்ப் பந்தயத்தில் இது "தோத்தா டபுள் போடு" என்று வரும். 100 ரூபாயில் தொடங்கி, தோற்கும்போதெல்லாம் இரட்டிப்பாக்கினால் 100, 200, 400, 800, 1,600. ஐந்து தோல்வியில் போனது 3,100 ரூபாய். ஆறாவதில் 3,200 வைக்க வேண்டும், ஜெயித்தால் மொத்த லாபம் 100 ரூபாய். அந்த 3,200ஐத் துணிந்து வைக்க வைப்பது "அஞ்சு வாட்டி தோத்தாச்சு, ஆறாவது தோக்காது" என்ற நம்பிக்கைதான். பாதி வாய்ப்பில் மொத்தம் 6,300 போகும்.

படி 6: நாணயத்தின் மேலேயே சந்தேகம் வந்தால்

இதுவரை நாணயம் சீரானது என்று வைத்துக்கொண்டோம். அது நிச்சயமில்லை என்றால், ஐந்து தலை உண்மையிலேயே ஒரு தகவல்தான். ஆனால் அது காட்டும் திசை பூ அல்ல, தலை.

ஒரு கூடையில் 6,400 நாணயங்கள் இருக்கின்றன, நூற்றுக்கு ஒன்று இரண்டு பக்கமும் தலை உள்ள போலி என்று வைப்போம். போலி 64, நல்லது 6,336. ஒவ்வொன்றையும் ஐந்து முறை சுண்டுங்கள். போலி 64உம் ஐந்து தலை காட்டும். நல்லவற்றில் 32இல் ஒன்று, அதாவது 198 மட்டும் ஐந்து தலை காட்டும். ஆக, ஐந்து தலை காட்டிய நாணயங்கள் 262. இவற்றை ஆறாவது முறை சுண்டினால் போலி 64உம் தலை, நல்லவற்றில் 99 தலை, 99 பூ. மொத்தத்தில் தலை 163, பூ 99. தலையின் வாய்ப்பு சுமார் 62 சதவீதம். மைதானத்தில் "பூ சொல்லு" என்றவர் இங்கே நேர் எதிர்த் திசையில் நிற்கிறார்.

நாணயம் நல்லதாகவே இருந்தாலும், சுண்டும் விதத்தில் ஒரு துளி சாய்வு உண்டு. 2023இல் வெளியான ஓர் ஆய்வில் பலர் சேர்ந்து 3,50,757 முறை சுண்டிப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் மேலே இருக்கச் சுண்டினார்களோ அதே பக்கம் விழுந்தது 50.8 சதவீதம். கீழே தலையாக விழுந்ததை அப்படியே தலை மேலே இருக்க எடுத்து மறுபடி சுண்டினால், இந்தச் சிறு சாய்வும் தலை பக்கம்தான் போகும்.

சரி, மைதானத்தில் கேப்டன் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்த ஐந்து ரூபாய் நாணயத்தைச் சந்தேகப்பட வேண்டுமா? அந்த மாதிரிப் போலி லட்சத்தில் ஒன்று என்று தாராளமாக வைத்தாலும், ஐந்து தலைக்குப் பிறகு அது போலியாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒன்றுதான். தலை 50.02 சதவீதத்துக்குக் கூட வராது. பதினேழு தலை தொடர்ந்து விழுந்தால் அந்த வாய்ப்பு பாதியைத் தாண்டும். அப்போது நாணயத்தை வாங்கித் திருப்பிப் பார்த்துவிடலாம்.